அம்மாவின் புதுத் தலையிடியும் போன மாதத்து விழுகையும்

"வயசு போனால் தலையிடி வரும்தானே" என்று எங்கட வீடுகளில் சொல்லுவோம். உண்மை நேர்மாறானது. ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் இளவயதில் தொடங்கி, வயது போகப் போகக் குறைவதுதான் வழக்கம். அதனால் 50 வயது கடந்த ஒருவருக்கு முன்பு இல்லாத தலையிடி புதிதாகத் தொடங்கினால், அதற்குப் பின்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று வைத்தியர் தேடத்தான் வேணும்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு வயது 74. பனிக்காலத்தில் மகள் வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்தார். தலை கைபிடியில் இடிபட்டது. காயமில்லை, மயக்கமுமில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி நடந்தார். நாலு கிழமைக்குப் பிறகு தலையிடி தொடங்கியது. பனடோல் போட்டார்கள். பிறகு இடக்கால் இழுபட்டது, பேரனின் பெயர் மாறி வந்தது. "மறதி தொடங்கிட்டுது போல" என்றார்கள். விழுந்த கதையை யாரும் நினைக்கவில்லை. கடைசியில் எமர்ஜென்சியில் எடுத்த சிரி ஸ்கானில், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே பிறை வடிவில் பழைய இரத்தம் தெரிந்தது.

வயதோடு மூளை கொஞ்சம் சுருங்கும். மூளையின் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குப் போகும் மெல்லிய நாளங்கள் அப்போது இழுபட்டு நிற்கும். சின்ன இடியிலேயே ஒன்று கிழிந்து மெதுவாகக் கசியும். சுருங்கிய மூளையைச் சுற்றி இடம் இருப்பதால், அமுக்கம் கூடி அறிகுறி தெரிய வாரங்கள் பிடிக்கும். அந்த அம்மா இதயத் துடிப்புக் கோளாறுக்கு இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தவர். அது கசிவை இன்னும் இலகுவாக்கும். மண்டையில் சிறு துளையிட்டு இரத்தத்தை வடித்தார்கள். சில நாளில் காலும் சரி, பெயரும் சரி.

ஆகவே வைத்தியரிடம் போகும்போது "தலையிடிக்குது" என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் விழுந்தாரா, என்ன மருந்து எடுக்கிறார், தலையிடி எப்போது தொடங்கியது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாமார் விழுந்ததை மறைப்பார்கள், பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாதென்று. அதனால் நேராகக் கேளுங்கோ. அஸ்பிரின், இபுபுரோஃபென் வீட்டில் கொடுக்க வேண்டாம், அவை கசிவைக் கூட்டலாம். அதே நேரம் இதய மருந்தை நீங்களாக நிற்பாட்டவும் வேண்டாம்.

நெற்றிப்பொட்டில் நோவு, தலை சீவக் கூச்சம், சாப்பிட மெல்லும்போது தாடை வலி என்றால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். எம்மவரிடம் இது குறைவுதான், ஆனால் பார்வையைப் பறிக்கக்கூடியது. அதற்கு அன்றைக்கே வைத்தியரைப் பார்க்க வேணும். குழப்பம், கை கால் பலவீனம், பேச்சுத் தடுமாற்றம், வாந்தி, கண் மங்கல் ஏதாவது சேர்ந்தால் குடும்ப வைத்தியரின் அப்பொயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.