நான்கு பணியாளர்கள், 1,234 சான்றிதழ்கள்: வெற்றுக் கம்பனியை அதன் ஆவணங்களே காட்டிக்கொடுக்கும்

2024ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், பிரித்தானியாவின் சமூகப் பராமரிப்புத் துறைக்கான விசாக்கள் பற்றிய பரிசோதனை அறிக்கையொன்று வெளியானது. குடிவரவு மற்றும் எல்லைகளுக்கான சுயாதீன தலைமைப் பரிசோதகராக இருந்த டேவிட் நீல் தயாரித்த அறிக்கை அது. அதிலிருந்த இரண்டு எண்கள் பலரையும் திடுக்கிட வைத்தன. இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு 275 அனுசரணைச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன. உரிமம் பெறும்போது தன்னிடம் நான்கு பணியாளர்கள் மட்டுமே இருப்பதாகச் சொன்ன இன்னொரு கம்பனிக்கு 1,234 சான்றிதழ்கள் கிடைத்திருந்தன.

முகவர்கள் 'சி.ஓ.எஸ்.' என்று சொல்வது இந்தச் சான்றிதழைத்தான். ஒரு கம்பனி வெளிநாட்டவர் ஒருவருக்கு வேலை தருவதாக உள்துறை அமைச்சுக்குக் கொடுக்கும் உறுதி அது. அது இல்லாமல் தொழிலாளர் விசா இல்லை. அதனால்தான் அது விற்பனைப் பொருளானது. வடக்கு கிழக்கிலும் காணியை ஈடுவைத்தும், தாலிக்கொடியை விற்றும், வட்டிக்குப் பணம் வாங்கியும் கெயார் விசாவுக்குக் காசு கட்டிய குடும்பங்கள் உள்ளன.

2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470க்கும் அதிகமான கம்பனிகளின் அனுசரணை உரிமங்கள் பறிக்கப்பட்டன. அந்தக் கம்பனிகளோடு தொடர்புபட்ட தொழிலாளர்கள் 39,000க்கும் அதிகம். உரிமம் பறிக்கப்பட்டால், தொழிலாளியின் விசாவும் சுருக்கப்படுகிறது. வழக்கமாக 60 நாட்களுக்குள் வேறொரு அனுசரணையாளரைத் தேட வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். கடன் மட்டும் ஊரில் அப்படியே இருக்கும்.

2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் பிரச்சினை தீரவில்லை. அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் புதிய அனுசரணையாளரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வேறு தொழில்களின் பெயரில் சான்றிதழ் தருவதாகச் சொல்பவர்களும் ஓயப்போவதில்லை. எனவே கேள்வி அப்படியே நிற்கிறது: சான்றிதழ் தரும் கம்பனி உண்மையில் இயங்குகிறதா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன் எப்படி அறிவது?

பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா?

முகவர்கள் முதலில் காட்டுவது உள்துறை அமைச்சின் அனுசரணையாளர் பட்டியலை. கம்பனியின் பெயர், ஊர், தரம் ஆகியவை அதில் இருக்கும். எத்தனை பேர் அங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை சான்றிதழ் வழங்கப்பட்டது என்பன இருக்காது. 275 சான்றிதழ் பெற்ற இல்லாத இல்லமும் உரிமம் பெற்றுத்தான் அவற்றைப் பெற்றது. உரிமம் பெற்ற ஒவ்வொரு 1,600 தொழில்தருநருக்கும் ஒரேயொரு கண்காணிப்பு அதிகாரியே இருந்தார் என்று அதே அறிக்கை சொல்கிறது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். பெயர் இருந்தால் அதோடு நிறுத்தக்கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் பிரித்தானியக் கம்பனிப் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸ். அதன் இணையத்தளத்தில் எந்தக் கம்பனியின் ஆவணங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே கைபேசியிலும் பார்க்கலாம். தேவைப்படுவது கம்பனியின் எட்டு இலக்கப் பதிவெண் மட்டுமே.

ஓர் உதாரணம்

விளக்கத்துக்காக ஒரு கம்பனியை நாமே உருவாக்கிக்கொள்வோம். இது உண்மையான கம்பனி அல்ல. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு அடையாளமும் பதிவகத்தில் காணக்கூடியதே.

2023 நடுப்பகுதியில் ஒரு முகவர், இந்தக் கம்பனியிடம் 15 பராமரிப்பாளர் இடங்கள் உள்ளன என்கிறார். பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தால் கம்பனி 2019 மே மாதம் பதிவாகியிருக்கிறது. நான்கு வருடப் பழைய கம்பனி என்று மனம் ஆறுதல் கொள்ளும். ஆனால் அதே பக்கத்தில் Previous company names என்ற பகுதியில் வேறு பெயர் இருக்கிறது. 2022 ஒக்டோபர் வரை அது இணையத்தில் துணி விற்கும் கம்பனி. Nature of business என்ற இடத்தில் முன்பு இருந்த 47910 என்ற இணைய விற்பனைக் குறியீடு, 88100 என்ற முதியோர் பராமரிப்புக் குறியீடாக மாற்றப்பட்டிருக்கிறது. ஆக, பராமரிப்பில் இந்தக் கம்பனியின் வயது சில மாதங்கள்தான்.

அடுத்து Filing history. அங்கே 2020, 2021, 2022 ஆகிய மூன்று வருடங்களுக்கும் Accounts for a dormant company made up to என்று தொடங்கும் வரி இருக்கிறது. அதாவது அந்த மூன்று வருடங்களும் கம்பனி உறங்குநிலையில் இருந்ததாக அதன் பணிப்பாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார். உறங்குநிலை என்பதற்குச் சட்டத்தில் இறுக்கமான பொருள் உண்டு. பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகளைத் தவிர வேறு கொடுக்கல் வாங்கல் எதுவும் இருக்கக்கூடாது. ஒரேயொருவருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்திருந்தால்கூட அந்தக் கம்பனி உறங்குநிலைக் கணக்குத் தாக்கல் செய்ய முடியாது. ஆகவே "நாலு வருசமாக நடக்கிற கெயார் கம்பனி" என்ற முகவரின் பேச்சும் இந்த ஆவணமும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது.

2023ஆம் ஆண்டுக் கணக்கு Micro company accounts என்ற வகையில் வருகிறது. மிகச் சிறிய கம்பனிகளுக்கு அனுமதிக்கப்பட்ட சுருக்கக் கணக்கு இது. வருமானமும் சம்பளச் செலவும் இதில் தெரியாது. ஆனால் Average number of employees என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வருடத்தில் சராசரியாக எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பதே அது. நமது உதாரணத்தில் அங்கே 2 என்று இருக்கிறது. பெரும்பாலும் அது பணிப்பாளரும் அவரது துணையுமாக இருக்கலாம்.

எண்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தல்

இரண்டு பேர் உள்ள கம்பனி 15 பேரை எடுப்பது தன்னளவில் குற்றமல்ல. கம்பனிகள் வளர்வதுண்டு. ஆனால் வளர்வதற்குப் பணம் வேண்டும், வேலையும் வேண்டும். இரண்டையும் ஓரளவு சரிபார்க்க முடியும்.

முதலில் பணம். 2023இல் பராமரிப்பாளர் விசாவுக்குக் காட்ட வேண்டிய ஆகக்குறைந்த வருடச் சம்பளம் 20,960 பவுண். 15 பேருக்கு அது மாதம் 26,200 பவுண். உள்ளூராட்சி சபைகள் வேலை முடிந்த பின்னரே கம்பனிக்குப் பணம் செலுத்துவது வழமை. எனவே ஓரிரு மாதச் சம்பளத்தையாவது கம்பனி கையில் வைத்திருக்க வேண்டும். உதாரணக் கம்பனியின் ஐந்தொகையில் நடைமுறைச் சொத்து 3,100 பவுண். முதல் வாரச் சம்பளத்துக்கே அது காணாது.

இந்தக் கணக்கை பரிசோதகர் சொன்ன அந்த உண்மையான கம்பனிக்குப் போட்டுப் பாருங்கள். 1,234 பேருக்கு வருடச் சம்பளம் 2 கோடியே 58 இலட்சம் பவுணைத் தாண்டும். நான்கு பேருடன் இருந்த ஒரு கம்பனி அதைக் கொடுக்கும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படை இருந்திருக்கும்?

அடுத்தது வேலை. இங்கிலாந்தில் முதியோரையோ நோயாளரையோ நேரடியாகப் பராமரிக்கும் கம்பனிகள் கெயார் குவாலிட்டி கமிஷன் எனப்படும் சி.கியூ.சி.யில் பதிய வேண்டும். 2024 மார்ச் 11 முதல், அங்கே பதியாத கம்பனிகள் இங்கிலாந்தில் பராமரிப்பாளர்களுக்கு அனுசரணை வழங்க முடியாது. பதிவு இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல் பரிசோதனை அறிக்கையைத் திறந்து பார்க்க வேண்டும். பரிசோதனை நடந்த அன்று எத்தனை பேர் சேவை பெற்றார்கள் என்ற வரி அதில் வழமையாக இருக்கும். ஆறு பேர் என்று இருந்தால், அந்த ஆறு பேரைப் பார்க்க 15 புதியவர்களுக்கு முழுநேர வேலை எங்கிருந்து வரும்? கம்பனி இதுவரை பரிசோதிக்கப்படவே இல்லை என்றிருந்தால், அது சேவை நடத்துகிறது என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஆதாரம் எதுவும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அடையாளங்கள் எங்கே தவறும்?

நேர்மையான கம்பனியும் சில வேளை வெறுமையாகத் தோன்றும். புதிய தனியார் கம்பனி தனது முதலாவது கணக்கைத் தாக்கல் செய்யப் பதிவு நாளிலிருந்து 21 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. அதன்பின் ஒவ்வொரு வருடக் கணக்குக்கும் ஒன்பது மாதங்கள் உண்டு. எனவே நீங்கள் பார்க்கும் எண் ஒன்றரை வருடப் பழையதாகவும் இருக்கலாம். வருடக் கடைசியில் பத்துப் பேரை எடுத்த கம்பனியின் சராசரி, இரண்டு என்றே வரக்கூடும். பதிவு முகவரி ஒரு கணக்காளரின் அலுவலகமாக இருப்பதும் சாதாரணம்தான். ஒரே முகவரியில் நூறு கம்பனிகள் இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மறுபக்கமும் உண்டு. பணியாளர் எண்ணிக்கையைக் கம்பனியே எழுதிக் கொடுக்கிறது. சிறிய கம்பனிகளின் கணக்கு பெரும்பாலும் தணிக்கைக்கு உட்படுவதில்லை. 2024 மார்ச் வரை, தாக்கலாகும் தகவல்களைக் கேள்வி கேட்கப் பதிவகத்துக்கு மிகக் குறைந்த அதிகாரமே இருந்தது. இரண்டு என்பதை இருபது என்று எழுதினாலும் அது அப்படியே ஏறிவிடும். அதனால்தான் தனியொரு எண்ணை நம்பாமல், இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பணியாளர் இருபது பேர் என்று ஒரு வரி சொல்ல, அதே ஐந்தொகையில் கையிருப்பு 3,100 பவுண் என்றிருந்தால், பொய் அந்த இடைவெளியில் இருக்கிறது.

இன்னொரு வகைக் கம்பனி இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டிவிடும். உண்மையில் இயங்கும், உண்மையான பணியாளர்களும் உண்டு. ஆனால் இருக்கும் வேலையை விடப் பல மடங்கு ஆட்களுக்குச் சான்றிதழ் விற்கும். அங்கே போய்ச் சேர்பவர்களுக்கு வாரத்துக்கு எட்டு மணிநேரம், பத்து மணிநேரம் என்று வேலை கிடைக்கும். இதைக் கணக்கு ஆவணம் காட்டாது. அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரிடம் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

எனவே முகவரிடம் முதலில் கேட்க வேண்டியது கம்பனியின் பதிவெண். அடுத்து, தற்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேரைப் பராமரிக்கிறார்கள், இந்த வருடம் எத்தனை சான்றிதழ் எடுத்தார்கள் என்ற மூன்று எண்கள். சொல்லும் எண்களை ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். ஆங்கிலம் தடையென்றால் லண்டனில் உள்ள உறவினர் ஒருவர் அரை மணிநேரத்தில் இதைச் செய்து தரலாம். "கம்பனி பெயரைக் காசு கட்டின பிறகுதான் சொல்லுவன்" என்று முகவர் சொன்னால், சரிபார்க்க விடாமல் தடுப்பதே அவரது நோக்கம் என்று கொள்ளுங்கள். காணி உறுதி கைமாறுவதற்கு முன் இந்த அரை மணிநேரத்தைச் செலவிடலாம். கைமாறிய பிறகு அதே ஆவணங்கள், என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள மட்டுமே உதவும்.