பட்டையா, பெட்டிகளா?

போன மாதம் என் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்கால வேளை, டெலிவிஷனில் சீரியல் ஓடிக் கொண்டிருந்தது. அவளுடைய மாமியார் நிமிஷத்துக்கு ஒரு தரம், "அவ என்னம்மா சொல்றா?" என்று கேட்கிறார். இவள் சமையற்கட்டிலிருந்து ஓடி வந்து சத்தத்தைக் கூட்டுகிறாள். அந்தச் சமயம் பார்த்து விளம்பரம் வர, வீடே அதிர்கிறது. தொட்டிலில் தூங்கிக் கொண்டிருந்த பத்து மாதக் குழந்தை வீல் என்று அலறுகிறது!

"பாருங்க சித்தி, 43 அங்குல டி.வி. வாங்கினோம். படம் பிரமாதம். பேச்சுதான் ஒண்ணும் புரியலை" என்று அலுத்துக் கொண்டாள்.

இது அவள் வீட்டுக் கோளாறு மட்டும் அல்ல. பழைய டெலிவிஷன் பெட்டியில் பக்கவாட்டிலோ முன்பக்கத்திலோ கைம்முட்டி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருக்கும். இப்போது வருவது பலகை மாதிரி மெல்லிசு. ஸ்பீக்கரைச் சின்னதாக்கி, தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ வைத்துவிடுகிறார்கள். குரல் சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் குழம்பிப் போகிறது. சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்துதான் கூடும். (செட்டிங்கில் பேச்சுக்கென்று ஓர் ஒலி அமைப்பு இருக்கும். காசு செலவில்லை, அதை முதலில் போட்டுப் பாருங்கள். இவள் வீட்டில் ஓரளவு தேவலை, அவ்வளவுதான்.)

சீட்டுப் பணம் 60 ஆயிரம் கைக்கு வந்திருந்தது. மாப்பிள்ளைக்கோ வெகு நாளாக ஓர் ஆசை. ரிசீவர் ஒன்று, முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, கனமான சத்தத்துக்கு ஸப்வூஃபர் என்று முழு செட்டாக வாங்க வேண்டும். அவளுக்கோ டி.வி.க்கு அடியில் வைக்கிற நீளப் பட்டை, அதான் சவுண்ட்பார், போதும் என்று எண்ணம். "நீங்களே சொல்லுங்க சித்தி" என்று இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த மாதிரி பஞ்சாயத்தில் வாயைத் திறந்தால் ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? "சணல் உருண்டை இருக்கா? துணி தைக்கிற டேப்பும் எடுத்து வா" என்றேன்.

ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. டி.வி. பத்தடிச் சுவரில், ஸோபா எதிர்ச் சுவரை ஒட்டி. இடது சுவரில் சமையற்கட்டு வாசல். ரிசீவர் இருக்கப் போகிற இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கர் வரை ஒயர் எப்படிப் போகுமோ, அப்படியே சணலை ஓட்டிக் காட்டச் சொன்னேன். முன்னால் இருக்கும் மூன்றுக்கும் சேர்த்துப் பதினைந்து அடிதான். வலது பின்பக்கம் சுவரோரமாகப் போய் 22 அடி. இடது பின்பக்கம்தான் சங்கடம். வாசலைத் தாண்ட வேண்டும். தரையில் குறுக்கே விட்டால் சட்டியும் கையுமாக வருகிறவள் தடுக்கி விழுவாள். நிலைக்கு மேலே ஏற்றி இறக்கினால் ஏழும் ஏழும் பதினாலு அடி கூடுதல். மொத்தம் 36 அடி! ஸப்வூஃபருக்கு ஓர் ஆறு அடி. எல்லாம் சேர்ந்து எண்பது அடி பக்கம். வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார்.

நாங்கள் கூட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே குழந்தை தவழ்ந்து வந்து சணலைப் பிடித்து ஓர் இழு இழுத்தது. சணல் போனால் போகிறது. மறு முனையில் ஸ்டாண்டு மேல் நாலு கிலோ ஸ்பீக்கர் இருந்திருந்தால்?

"ஒயர்லெஸ் வாங்கிட்டாப் போச்சு" என்றார் மாப்பிள்ளை. இந்த இடத்தில்தான் பல பேர் ஏமாறுகிறோம். ஒயர்லெஸ் என்றால் பாட்டு மட்டும்தான் ஒயர் இல்லாமல் வரும். சாதாரணமாக விற்கிறவற்றுக்குக் கரண்டு பிளக் வழியாகத்தான். பின்னால் வைக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு பிளக் வேண்டும். இவர்கள் ஸோபா பக்கம் ஒரு பாயிண்ட் கூடக் கிடையாது. சவுண்ட்பாரோடு வரும் ஒயர்லெஸ் ஸப்வூஃபருக்கும் இதே கதைதான். அதையும் கணக்கில் சேர்த்தால் டி.வி., செட்டாப் பாக்ஸ், பார், ஸப்வூஃபர் என்று நாலு பிளக். ரிசீவர் வாங்கினாலும் டி.வி. பக்கத்தில் அதே நாலுதான். ஆக, பிளக்கில் லாபமில்லை. லாபம் அறையைச் சுற்றி ஓடாத அந்த அறுபது அடி ஒயரில்தான்.

மாப்பிள்ளை பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? தனித்தனியாக வாங்கினால் எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம் கூட உழைக்கும். சவுண்ட்பாரில் எல்லாம் ஒரே உடம்பு. உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டால் மொத்தமும் போன மாதிரி. பாட்டுக் கேட்க ஸ்பீக்கர்தான் ஒசத்தி, அதிலும் சந்தேகமில்லை. பார் மூன்றடி நீளம்தான். இடது, வலது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கொண்டிருக்கும். வீணை ஒரு பக்கமும் மிருதங்கம் ஒரு பக்கமும் பிரிந்து நிற்காது.

ஆனால் இந்த அறையில் பின் ஸ்பீக்கர் என்ன செய்யும்? ஸோபா சுவரை ஒட்டி இருப்பதால் அது காதுக்கு இரண்டடியில் வந்துவிடும். மாமியார் உட்காருவது ஸோபாவின் இடது ஓரம். அவருக்குக் கதை நடப்பதே அந்த மூலையில்தான் என்று தோன்றும்! அதோடு ரிசீவர் சூடாகிற சாமான். அரை அடி உயரம், ஒன்றேகால் அடி ஆழம் இருக்கும். மேலேயும் பக்கத்திலும் காற்றோட்டம் வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் வைத்து மூடினால் சூடு தாங்காமல் அதுவே அணைந்துவிடும்.

செலவுக்கு வருவோம். கடையில் எழுதி வாங்கி வந்த சீட்டில் ரிசீவர் 35 ஆயிரம், ஸ்பீக்கர்களும் ஸப்வூஃபரும் 30 ஆயிரம், ஒயரும் மாட்டுகிற சாமான்களும் நாலாயிரம் என்று இருந்தது. ஆக 69 ஆயிரம். சீட்டுப் பணத்தைத் தாண்டி ஒன்பது. பாரில் ஆறேழு ஆயிரத்துக்கும் இருந்தது, இருபதாயிரத்துக்கும் இருந்தது.

"அப்போ ஆறாயிரத்துதே போதுமே" என்றாள் இவள். அங்கேதான் நான் குறுக்கிட்டேன். அட்டைப் பெட்டியில் 2.1, 3.1 என்று போட்டிருப்பார்களே, அதில் முதல் எண்தான் நமக்கு முக்கியம். இரண்டு என்றால் இடது, வலது. மூன்று என்றால் நடுவில் பேச்சுக்கென்று தனியாக ஒன்று. புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஸப்வூஃபர். நேர் எதிரே உட்கார்ந்தால் இரண்டு ஸ்பீக்கரிலேயே குரல் நடுவிலிருந்து வருவது போல இருக்கும். ஓரத்தில் உட்கார்ந்தாலோ பக்கத்து ஸ்பீக்கரோடு ஒட்டிக் கொள்ளும். மாமியார் உட்காருவது ஓரத்தில், வாங்குவதே அவருக்குப் பேச்சுப் புரியத்தான். ஆகவே மூன்று உள்ளதாகப் பார்க்கச் சொன்னேன். பெட்டியில் எத்தனை நூறு வாட்ஸ் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். இந்தச் சின்ன ஹாலுக்கு அதில் கால்வாசி கூடச் செலவாகாது.

கடையில் சண்டைக் காட்சியைப் போட்டு இடி இடிக்க வைத்துக் காட்டினார்கள். "அதெல்லாம் வேண்டாம், செய்தியோ சீரியலோ போடுங்க. சத்தத்தைப் பாதியாக் குறையுங்க" என்று சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் நின்று கேட்டோம். மூன்று பார் கேட்டதில் விலை கூடிய ஒன்று இந்தப் பரீட்சையில் தேறவில்லை. கடைசியில் பதினெட்டாயிரத்துக்கு ஒன்று முடிந்தது. பேச்சைத் தூக்கிக் காட்டவும், ராத்திரியில் தடால் புடால் சத்தத்தை அடக்கவும் ரிமோட்டில் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது. குழந்தை உள்ள வீட்டுக்கு இரண்டாவதுதான் வரம்.

மாட்டிய அன்று ஒரு கூத்து. பார் ஊமையாக இருந்தது. டி.வி. பின்னால் ஒரே மாதிரி மூன்று துளை. கேபிளைக் கிடைத்ததில் செருகியிருந்தார் மாப்பிள்ளை. பக்கத்தில் "ARC" அல்லது "eARC" என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். பார் பக்கத்திலும் அப்படித்தான். அதற்குப் பிறகும் சத்தம் வராவிட்டால் டி.வி.யின் ஒலி செட்டிங்கில் "PCM" என்று மாற்றிப் பாருங்கள். சரியாகச் செருகிவிட்டால் பெரும்பாலும் டி.வி. ரிமோட்டே பாரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும். மாமியாருக்கு இரண்டாவது ரிமோட் பழக்க வேண்டியதில்லை. புளூடூத்தில் இணைப்பதும் சுலபம்தான். ஆனால் சில சமயம் உதடு முன்னால் அசையும், குரல் பின்னால் வரும். சீரியலுக்கு அது ஆகாது.

இன்னொன்று, நாங்களே அளக்க மறந்தது. டி.வி.யின் கால் இரண்டங்குல உயரம், பார் இரண்டரை. பட்டை முன்னால் வந்து ரிமோட் வாங்கிக் கொள்கிற கண்ணை மறைத்துவிட்டது. டி.வி.க்கு அடியில் ஒரு பலகை வைத்து உயர்த்தினோம். நீங்கள் வாங்கப் போகுமுன் டேப்பால் இதை அளந்து கொண்டு போங்கள். ஸப்வூஃபரை மூலையில் இடுக்கி வைத்தால் கும் கும் என்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். சுவரை விட்டு ஓர் அடி தள்ளி வைத்ததும் அடங்கியது.

குழந்தை இல்லாத வீடு, பாட்டுப் பிரியர்கள், ஆனால் இடம் சின்னது என்றால் நடுவழி ஒன்று உண்டு. சின்ன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், டி.வி.க்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர். இரண்டே ஒயர், அதுவும் ஒரே சுவரில். மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று பாருங்கள். ஒன்று மாறினால் பாட்டு உள்ளீடற்றுக் கனமில்லாமல் கேட்கும். பிரிந்த செம்பு இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபையருக்கே ஆபத்து.

மாப்பிள்ளை இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. ஊரில் மனை வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். "கட்டும்போது கரண்டுக்காரர்கிட்டே சொல்லி, டி.வி. சுவரிலேர்ந்து பின் சுவருக்கு ரெண்டு வெறும் குழாய் பதிச்சு வையுங்க, உள்ளே ஒரு நூலையும் விட்டு வையுங்க" என்றேன். ஒரு நோட்டில் குறித்துக் கொண்டார். மிச்சம் 42 ஆயிரம் இருக்கிறதே என்று அவள் இப்போது வாஷிங் மெஷின் பேச்சை எடுத்திருக்கிறாள்.