சுருக்குங்கள், எண்ணிக்கையை வெட்டாதீர்கள்

சர்வே ஸ்லைடுகளை இரண்டு பக்க அறிக்கையாக்கும்போது முதலில் கழித்துக் கட்டப்படுவது எத்தனை பேரிடம் கேட்டோம், எங்கே பிடி தளர்கிறது என்பதுதான். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

இடமில்லை என்கிறார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சில பக்கத் தகவல் தாள்தான் போட்டது. 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்ட சதவீதம் அதில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 பேருக்கும் குறைவென்றால் எண்ணே கிடையாது, நட்சத்திரக் குறி மட்டும். இது எவ்வளவு இடத்தைப் பிடித்துவிட்டது?

வாசகர் குழம்பிவிடுவாராம். ஒரு பேச்சுக்கு, மணலிப் பகுதியின் சடையங்குப்பத்தில் குலுக்கல் முறையில் 60 வீடுகளில் கேட்டோம், 36 வீட்டில் யாருக்காவது தொடர் இருமல் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடில் ‘60% வீடுகளில் இருமல்’ என்று கொட்டை எழுத்தில் வரும். ‘கேட்ட 60 வீடுகளில் 36, ஊர் முழுக்க எடுத்தால் 48 முதல் 72 சதவீதத்துக்குள் இருக்கலாம்’ என்று எழுதினால் யார் குழம்புவார்? அடுத்த ஸ்லைடுதான் வம்பு: ‘64% பேர் தனியார் மருத்துவமனைக்கே போகிறார்கள்.’ தோண்டிப் பார்த்தால், சிகிச்சைக்குப் போனவர்களே 14 பேர், அதில் 9 பேர் தனியாருக்கு. அந்தத் தகவல் தாளின் விதிப்படி இந்தச் சதவீதம் அச்சேறவே கூடாது. ‘14-இல் 9’ என்று எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம்.

குறையைச் சொன்னால் அதிகாரிகள் அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பது கடைசி வாதம். நியாயமான பயம்தான். ‘ஆய்வில் பிழைகள் இருக்கலாம்’ என்ற பொத்தாம்பொதுவான வரி அறிக்கையைக் கெடுக்கத்தான் செய்யும், அதை அடித்துவிடலாம். முடிவையே புரட்டக்கூடிய வரம்பு வேறு. பகலில் போனோம், ஷிப்டுக்குப் போனவர்களின் வீடு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டோம் என்றால், கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் குரல் குறைந்துவிட்டது. மேலே சொன்ன 48-72 கணக்கில் அது அடங்காது. இருமலைச் சொல்லும் அதே பத்தியில் எத்தனை வீடு பூட்டியிருந்தது என்பதும் வரவேண்டும்.

எதிர்த் தரப்பு பிடிப்பது மறைத்த இடத்தைத்தான். ‘சென்னை சராசரியைவிட அதிகம்’ என்று தேசிய ஆய்வின் சென்னைத் தகவல் தாளோடு ஒப்பிட்ட ஸ்லைடை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வு 2017 மார்ச்சில் இருந்த மாவட்ட எல்லைகளைக் கொண்டது. மணலிப் பகுதி சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது 2018-இல். ஆகவே சடையங்குப்பம் இருப்பது திருவள்ளூர் தாளில். மேலும் அந்த ஆய்வு கேட்டது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மூச்சுத் தொற்று அறிகுறி இருந்ததா என்று. நாம் கேட்டதோ வீட்டில் யாருக்காவது இருமலா என்று. இந்த ஸ்லைடுக்கு அடிக்குறிப்பு போட்டும் பயனில்லை, அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.