79.8-உம் 155.5-உம்

நாகர்கோவிலை அடுத்த கல்லூரி ஒன்று இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் வெளியிட்ட சுற்றறிக்கையை வாசகர்கள் சிலர் நமக்கு அனுப்பியிருக்கிறார்கள். டேட்டா சயின்ஸ் ஆய்வகப் பயிற்சிகளை இனி ஒப்புமை மென்பொருளில் ஏற்றுவார்களாம். 10 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் மதிப்பெண் சுழியம். ஆதாரமாகப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையைக் காட்டியிருக்கிறார்கள். பிற கல்லூரிகளும் இதைப் பின்பற்றுவதற்கு முன்னால் நம் நிலையைச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும்.

அந்த ஒழுங்குமுறையில் 10, 40, 60 என்ற வரம்புகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்காகத் தரும் ஆய்வேடுகளுக்கும் வெளியிடும் கட்டுரைகளுக்கும் உரியவை. வரையறைப் பகுதியை ஒருமுறை படித்தாலே போதும். அசைன்மென்ட், புராஜெக்ட் ரிப்போர்ட், வகுப்புப் பயிற்சி, விடைத்தாள் ஆகியவற்றை அது வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. ஆய்வேட்டுக்கே 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தித் தரச் சொல்கிறதே தவிர, சுழியம் போடச் சொல்லவில்லை. விலக்கப்பட்ட ஒன்றின் மேல் அந்த எண்ணைக் கொண்டுவந்து ஒட்டியவர்கள் வரையறையைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் பொருட்படுத்தவில்லை.

எண்ணும் இங்கே பொருந்தாது. பீமா நீரிழிவுத் தரவை எடுத்துக்கொள்வோம். 768 பெண்களின் பதிவுகள். அதில் இன்சுலின் 374 பேருக்குச் சுழியமாக இருக்கிறது. அது அளவீடு அல்ல, அளக்காமல் விட்டது. ஆகவே பொறுப்பாக வேலை செய்யும் எவரும் இந்த இரண்டு வரிகளை எழுதியே தீர வேண்டும்:

```python
cols = ['Glucose', 'BloodPressure', 'SkinThickness', 'Insulin', 'BMI']
df[cols] = df[cols].replace(0, np.nan)
```

இந்த வரிகள் இணையத்தில் எங்கும் கிடக்கின்றன. யார் எழுதினாலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். கோப்பைப் படிப்பது, பிரிப்பது, படம் வரைவது எல்லாம் இதே கதைதான். நேர்மையாகச் செய்த இரண்டு மாணவர்களின் நிரல்கள் பாதிக்கு மேல் ஒத்திருப்பதில் வியப்பில்லை. நண்பனின் நிரலை வாங்கி மாறிகளின் பெயரை மாற்றியவனோ சொற்களை ஒப்பிடும் மென்பொருளிடம் தப்பிவிடுவான். நிரலுக்கென்றே 1994-இல் அலெக்ஸ் எய்க்கென் உருவாக்கிய மாஸ் இருக்கிறது. பெயர் மாற்றம் அதை ஏமாற்றாது. ஆசிரியர் கொடுத்த பொது நிரலை அடிப்படைக் கோப்பாகக் கொடுத்தால் அந்தப் பகுதியைக் கணக்கிலும் சேர்க்காது. அதுகூட, சந்தேகப்பட வேண்டிய இடங்களைத்தான் காட்டுவேன், திருட்டா இல்லையா என்பதை மனிதர்தான் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்றுதான் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது.

அப்படியானால் திருட்டு எங்கே தெரியும்? முடிவெடுத்த இடங்களில் தெரியும். சுழியங்களை நீக்கியபின் ஒருத்தி அந்த 374 வரிசைகளையும் விட்டுவிட்டு 394-ஐ வைத்துக்கொள்வாள். இன்னொருத்தி நடுவெண்ணான 125-ஐ இட்டு நிரப்புவாள். இரண்டுக்கும் காரணம் உண்டு, இரண்டுக்கும் விலை உண்டு. நிரல் எவ்வளவு ஒத்திருந்தாலும் இவை இரண்டு வேறு வேலைகள். சென்ற ஆண்டு நான் திருத்திய ஒரு தாளில் மேலே உள்ள இரண்டு வரிகளும் பிசகாமல் இருந்தன. கீழே முடிவுப் பகுதியில் 'சராசரி இன்சுலின் 79.8' என்று எழுதியிருந்தது. சுழியங்களைச் சேர்த்தால்தான் 79.8 வரும். நீக்கினால் 155.5. அதாவது நிரல் ஒரு வீட்டிலிருந்தும் முடிவு இன்னொரு வீட்டிலிருந்தும் வந்திருக்கிறது. வேறொரு தாளில் `df = df.replace(0, np.nan)` என்று அட்டவணை முழுவதற்கும் போட்டிருந்தது. கருவுறாத பெண்களின் சுழியமும் நீரிழிவு இல்லாத 500 பேரின் சுழியமும் அதோடு போய்விட்டன. ஆனால் அடுத்த பக்கத்தில் 500-க்கு 268 என்று பட்டை வரைபடம் பத்திரமாக ஒட்டப்பட்டிருந்தது. இவற்றைக் கண்டுபிடிக்க மென்பொருள் தேவைப்படவில்லை. ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம் தேவைப்பட்டது.

அந்த மாணவர்களை மட்டும் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நான் இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் சி.எஸ். 3361 ஆய்வகப் பாடத்தைப் பாருங்கள். ஐரிஸ், பீமா என்று தரவின் பெயரையே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாநிலம் முழுக்க எத்தனையோ கல்லூரிகளில் ஒரே பயிற்சி, ஒரே தரவு, ஆண்டுதோறும். விடை இணையத்தில் இல்லாமல் எங்கே போகும்? பீமா தரவு யு.சி.ஐ. தளத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. தேடும் மாணவன் கேகிளுக்குத்தான் போய்ச் சேர்கிறான். அங்கே தரவின் பக்கத்திலேயே முடித்து வைத்த நோட்புக்குகள் வரிசையாக நிற்கின்றன. பாடத்திட்டமே அவனைக் கைப்பிடித்து விடையின் முன் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பார்க்காதே என்கிறது.

அதன் மேல் ரெக்கார்டு நோட்டு. நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, முடிவு. கடந்த ஆண்டு அண்ணன் எழுதியதை இந்த ஆண்டு தம்பி எழுதுகிறான். நாமே கையொப்பமிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்முறைத் தேர்வில் நான் வெளித் தேர்வாளராக இருந்தேன். ஒரு பெண் சுழியங்களை நீக்கி 155.5 என்று எழுதியிருந்தாள். உள் தேர்வாளர் அவளைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் 79.8 வந்திருக்கு, ஒனக்கு மட்டும் எப்படி மக்ளே 155 வந்திச்சி? ரெக்கார்டுல உள்ளத எழுது" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேசுவதற்குள் அடித்துத் திருத்திவிட்டாள். மதிப்பெண்ணை நான் குறைக்க விடவில்லை. ஆனால் அந்த அறையில் காப்பியடிக்க வைத்தவர்கள் நாங்கள்தான். இணையத்தைப் பழிக்கும் ஒவ்வொரு சுற்றறிக்கையைப் படிக்கும்போதும் அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது. பாடத்திட்டத்தை வகுப்பவர்களுக்கு இதைப் பலமுறை எழுதிவிட்டேன். பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரிகூட வரவில்லை. பத்து விழுக்காட்டை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நம் நிலை இதுதான். இணையத்திலிருந்து எடுப்பது குற்றம் அல்ல, மறைப்பது குற்றம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதியவர்களே பெயர் குறிப்பிடு என்ற உரிம நிபந்தனையோடுதான் தருகிறார்கள். எடுத்த வரிகளுக்கு மேலே முகவரி, எடுத்த நாள், தான் மாற்றியது என்ன என்று ஒரு குறிப்பு இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. நண்பனோடு பேசிச் செய்திருந்தால் அவன் பெயரும் இருக்கட்டும். நண்பனின் கோப்பையே வாங்கிப் பெயர் மாற்றித் தந்தால் அது திருட்டு. கொடுத்தவனையும் வாங்கியவனையும் உட்கார வைத்துத் தனித்தனியே கேட்க வேண்டும். கேள்வி எளிது: இந்த 374 பேரை என்ன செய்தாய், ஏன்? நிரலை ஓட்டிக்காட்டி ஒரு வரியை மாற்றச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அறுபது பேர் வகுப்பில் இதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டும். ரெக்கார்டு நோட்டைச் சரிபார்த்துக் கையொப்பமிட அதைவிடக் கூடுதல் நேரம் நமக்கு ஆகிறது.

தரவையும் மாற்றலாம். ரப்பர் வாரியம் கோட்டயம் விலையை நாள்தோறும் வெளியிடுகிறது. குலசேகரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு ஆர்.எஸ்.எஸ். 4 என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 வரை பயிற்றுவித்து 2024-ஐக் கணிக்கச் சொல்லுங்கள். அந்த ஆகஸ்டில் விலை 2011-இன் உச்சத்தையும் தாண்டியது. 2012-லிருந்து மட்டும் தரவு எடுத்தவனின் ரேண்டம் ஃபாரஸ்ட் தான் பார்த்த உச்சத்துக்கு மேல் போகத் தெரியாமல் நேர்கோடாக நிற்கும். இணையத்தில் எடுத்த நிரல் நாட்களைக் கலைத்துப் பிரித்திருந்தால் அதே மாடல் அபாரமான மதிப்பெண்ணைக் காட்டும். எது ஏன் என்று அவனிடம் கேளுங்கள். பட்டியலில் உள்ள பீமாவுக்குப் பதில் இதைச் செய்யலாமா என்று இணைப்புக் கல்லூரிகள் சார்பில் பாடத்திட்டக் குழுவுக்கு இந்த இதழோடு மறுபடியும் ஒரு கடிதம் அனுப்புகிறோம். கையெழுத்திட விரும்பும் ஆசிரியர்கள் தங்கள் துறைத் தலைவரின் ஒப்புதலோடு அனுப்பித் தரலாம்.