கடன் வாங்கும் உரிமையும் கடைசித் தெருவும்

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியானபோது, ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறது என்ற எண் எல்லோர் வாயிலும் புரண்டது. 'இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுத்துவிட்டார்கள்' என்று ஒரு பக்கம் பேச, 'பற்றாக்குறைக்கு வரம்பு என்பதே உலக வங்கியின் சதி' என்று நம் தோழர்கள் மறுபக்கம் பேசினார்கள். உள்ளாட்சி நிதியை ஆய்வு செய்துகொண்டிருக்கும் எனக்கு இரண்டு வாதங்களிலும் ஒரே குறை தெரிகிறது. ஒன்றிய அரசின் கடனையும் மாநில அரசின் கடனையும் பற்றிப் பேசுகிறோம். நம் தெருவுக்குச் சாக்கடை போட வேண்டிய நகராட்சியும் ஊராட்சியும் கடன் வாங்க முடியுமா, ஏன் முடியாது என்று கேட்பதே இல்லை.

விதியிலிருந்தே தொடங்குவோம். 2003இல் நாடாளுமன்றம் நிதிப் பொறுப்புச் சட்டத்தை இயற்றியது. அரசின் ஆண்டுச் செலவுக்கும் கடன் அல்லாத வரவுக்கும் உள்ள இடைவெளியான நிதிப் பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் மையம். அதே ஆண்டு தமிழ்நாடும் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. இதன் பின்னால் இருக்கும் காரணத்தை நாம் கேலி செய்யத் தேவையில்லை. இன்று ஆட்சியில் இருப்பவர் கடன் வாங்கித் திறப்பு விழா நடத்திவிடுவார். வட்டியை அடுத்த தலைமுறை கட்டும். வட்டி ஏற ஏற, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம் கடன்காரர்களுக்குப் போகும். கடன் பத்திரத்தை வாங்கி வைத்திருப்பவர் யார், அரசுப் பள்ளியை நம்பியிருப்பவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் விதி எல்லோரையும் ஒரே மாதிரிக் கட்டுவதில்லை. ஒன்றிய அரசு தனக்கு விதித்துக்கொண்ட இலக்கைப் பலமுறை தள்ளிவைத்தது. 2020-21இல், பெருந்தொற்றுக் காலத்தில், அதன் பற்றாக்குறை 9 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த நெருக்கடியில் தாண்டியதில் தவறில்லை. தாண்டுவதற்கு அது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதே நான் சொல்ல வருவது. மாநிலங்கள் கேட்க வேண்டும். ஒன்றிய அரசுக்குத் தர வேண்டிய கடன் பாக்கி இருக்கும்வரை, அதன் ஒப்புதல் இல்லாமல் மாநிலம் புதுக்கடன் வாங்க முடியாது என்கிறது அரசமைப்பின் 293(3) பிரிவு. அதே 2020இல் மாநிலங்களுக்குக் கூடுதலாக 2 விழுக்காடு கடன் அனுமதி கிடைத்தபோது, அதன் பெரும்பகுதி நிபந்தனைகளோடுதான் வந்தது. அந்த நிபந்தனைகளில் ஒன்று, நகரங்களில் சொத்து வரிக்கும் குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களுக்கும் குறைந்தபட்ச விகிதங்களை அறிவிப்பது.

இந்த ஏணியின் கடைசிப் படியில்தான் உள்ளாட்சி நிற்கிறது. 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் வரி விதிக்கும் அதிகாரத்தையும் மானியத்தையும் மாநிலம் சட்டம் இயற்றித் தரலாம் என்று அவை சொல்கின்றன. கடன் வாங்குவது பற்றி அந்த நிதிப் பிரிவுகளில் ஒரு சொல்கூட இல்லை. அந்த இடத்தை இன்னமும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று நிரப்பிக்கொண்டிருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளின் கடன் பற்றிய 1914ஆம் ஆண்டுச் சட்டம் அது. எந்தெந்த வேலைக்குக் கடன் வாங்கலாம் என்று அது பட்டியல் போடுகிறது. பஞ்ச நிவாரணமும் கொள்ளைநோய்த் தடுப்பும் அதில் உண்டு. எதற்கு வாங்கினாலும் மேலே உள்ள அரசின் ஒப்புதல் வேண்டும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? இதற்கும் நியாயமான காரணம் உண்டு. கடனைக் கட்ட முடியாவிட்டால் மேலே இருப்பவர் காப்பாற்றுவார் என்று தெரிந்தால், கடன் கொடுப்பவரும் யோசிக்க மாட்டார், வாங்குபவரும் யோசிக்க மாட்டார். 1990களில் பிரேசிலில் நடந்தது இதுதான். மாநிலங்களும் சாவோ பாவ்லோ போன்ற பெருநகரங்களும் வாங்கிக் குவித்த கடனை நடுவண் அரசு தன் தலையில் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அதற்குப் பிறகுதான் 2000இல் அங்கே நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. ஒரு நகராட்சியின் நிகரக் கடன், அதன் ஓராண்டு நிகர நடப்பு வருவாயைப் போல் 1.2 மடங்கைத் தாண்டக் கூடாது என்று 2001இல் அந்நாட்டு செனட் வரம்பு வைத்தது.

வரம்பு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் அங்கும் இங்கும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் நம் ரிசர்வ் வங்கியே 2022இல் வெளியிட்ட நகராட்சி நிதி அறிக்கையில் ஒப்பிட்டுக் காட்டியபடி, பிரேசிலில் நகராட்சிகளின் வரவு செலவு மொத்த உற்பத்தியில் 7.4 விழுக்காடு, தென்னாப்பிரிக்காவில் 6, இந்தியாவில் சுமார் 1. அங்கே கையில் பணமுள்ளவருக்கு வரம்பு வைத்தார்கள். இங்கே பணமும் இல்லை, வரம்பும் உண்டு.

இது தெருவில் எப்படி இறங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊர் கற்பனை, கணக்கின் முறை உண்மை. 15,000 வீடுகள் கொண்ட ஒரு நகராட்சி. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சொந்த வருவாய் 10 கோடி. மாநிலம் தரும் பங்கும் மானியமும் 12 கோடி. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குப்பை அள்ளும் ஒப்பந்தம் என்று 20 கோடி போய்விடும். மிச்சம் 2 கோடி. பாதாளச் சாக்கடைக்கு 60 கோடி தேவை. பாதி மானியமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 30 கோடியை 8 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுத் தவணையில் கடனாக வாங்கினால், ஆண்டுக்குச் சுமார் 3.06 கோடி கட்ட வேண்டும். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 1.5 கோடி. கையில் இருப்பதோ 2 கோடி. சட்ட வரம்பே இல்லாவிட்டாலும் எந்த வங்கியும் இந்த நகராட்சிக்குக் கடன் தராது.

அப்போது அதிகாரிகள் ஒரு வழி சொல்வார்கள்: வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம் வாங்கலாம். 15,000 வீடுகளும் கட்டினால் ஆண்டுக்கு 2.7 கோடி. மிச்சமுள்ள 2 கோடியோடு சேர்த்து, பராமரிப்பைக் கழித்தால் 3.2 கோடி. மயிரிழையில் தவணை கட்டிவிடலாம். இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் நகராட்சி 1990களின் இறுதியில் தொடங்கி இப்படித்தான் பாதாளச் சாக்கடை போட்டது. வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகையை மக்களிடமே திரட்டி, தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்கி, மாதக் கட்டணத்தால் நடத்தியது. நாடு முழுவதும் முன்மாதிரியாகப் பேசப்பட்ட திட்டம் அது.

இப்போது நம் கற்பனை ஊருக்குத் திரும்புங்கள். நான்கில் ஒரு பங்கு வீடுகள் முன்வைப்புத் தொகையும் கட்டணமும் கட்ட முடியாத நிலையில் இருந்தால்? கட்டண வரவு 2.02 கோடிக்கு இறங்கும். ஆண்டுக்கு அரைக் கோடிக்கு மேல் துண்டு விழும். இந்தத் துண்டை அடைக்க எளிய வழி, கட்டணம் தேறாத தெருக்களைத் திட்ட வரைபடத்திலிருந்தே நீக்கி, குழாய் நீளத்தைக் குறைத்து, கடனையும் குறைத்துவிடுவது. 'இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்படும்' என்று கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். அந்தத் தெருக்கள் எவை என்று நான் சொல்லவும் வேண்டுமா? சாதியின் பெயரை ஒரு இடத்திலும் உச்சரிக்காமல், வட்டிக் கணக்கே சேரியை வரைபடத்துக்கு வெளியே நிறுத்திவிடும்.

வெளியே நின்றாலும் செலவு மறைந்துபோவதில்லை. சாக்கடை இல்லாத வீட்டில் மலக்குழித் தொட்டி இருக்கும். அது நிரம்பும். இயந்திரம் நுழையாத சந்தில் அதற்குள் இறங்குவதற்கு ஒரு அருந்ததியரையோ ஆதிதிராவிடரையோ தேடுவார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. நகராட்சியின் ஏட்டில் கடன் இல்லை, பற்றாக்குறை இல்லை. அந்தக் கடனை வேறொரு குடும்பம் உயிரால் கட்டியிருக்கிறது.

உங்கள் ஊரின் 'கடனில்லா' நிலை உண்மையா என்று பார்க்க ஆண்டுக் கணக்கில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: மின்வாரியத்துக்குத் தர வேண்டிய நிலுவை, ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கப்படாத பில்கள், ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி பாக்கி. கடன் வாங்கத் தடையுள்ள அமைப்பு, கட்ட வேண்டியதைக் கட்டாமல் விடுவதன் மூலம் கடன் வாங்கும். ஒப்பந்தக்காரருக்குப் பில் தாமதமானால், முதலில் நிற்பது தூய்மைப் பணியாளரின் கூலி.

ஆக, எல்லா வரம்பையும் தூக்கிவிட்டால் சரியாகிவிடுமா? இங்கேதான் அம்பேத்கரிடம் போக வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி குறித்த அவருடைய ஆய்வு 1925இல் நூலாக வந்தது. மாகாணங்களுக்குத் தனி வரவு செலவுத் திட்டம் இருப்பதுபோலத் தோன்றினாலும், அது மத்திய நிதியைப் பங்கிட்டுக் கொடுத்த ஏற்பாடுதான், சுயமான அதிகாரம் அல்ல என்று அதில் காட்டினார். இன்றைய நகராட்சி, ஊராட்சிகளுக்கு அந்த விவரிப்பு அப்படியே பொருந்துகிறது. அதே அம்பேத்கர், அரசு வாங்கும் கடனுக்கு நாடாளுமன்றம் சட்டத்தால் வரம்பு வைக்கலாம் என்ற பிரிவை அரசமைப்பு அவையில் ஆதரித்தார். கிராமத்தைச் சுயாட்சியின் சொர்க்கமாகப் பார்த்தவர்களையும் அங்கே கடுமையாக மறுத்தார்.

அந்த எச்சரிக்கை இன்றும் தேவை. மேலவளவில் தலைவரான முருகேசன் 1997இல் கொல்லப்பட்டார். இன்றும் ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்ற விதி, பட்டியல் சாதித் தலைவர்களை முடக்கப் பயன்படுகிறது. இப்படிப்பட்ட அமைப்புக்கு எல்லையில்லாக் கடன் அதிகாரம் கொடுத்தால், ஊர்த்தெருவுக்கு சிமெண்ட் சாலையும் சேரிக்கு வரி உயர்வும் வரலாம். எனவே எனக்கு வரம்பு வேண்டும். ஆனால் வேறு மாதிரி வரம்பு வேண்டும்.

முதலாவது, கடன் வாங்குவது சாக்கடை, குடிநீர், பள்ளிக் கட்டடம் போன்ற நீண்டகாலச் சொத்துக்கு மட்டும் என்று இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதிச் சட்டம் நீண்டகாலக் கடனை முதன்மையாக அப்படித்தான் மூலதனச் செலவோடு கட்டிப்போடுகிறது. இரண்டாவது, கடன் பெறும் திட்டத்தின் வரைபடத்தில் பட்டியல் சாதியினர் வாழும் தெருக்கள் முதல் கட்டத்திலேயே இருக்க வேண்டும். அங்குள்ள இணைப்புச் செலவை வீட்டுக்காரரிடம் கேட்காமல் மாநில மானியம் ஏற்க வேண்டும். நம் கணக்கில் விழுந்த துண்டு ஆண்டுக்கு அரைக் கோடிதான். மாநிலத்துக்கு அது பெரிய தொகை அல்ல. மூன்றாவது, சிறிய ஊர்கள் சேர்ந்து கடன் வாங்க வழி வேண்டும். 2002-03இல் தமிழ்நாட்டின் 13 சிறு நகர அமைப்புகள் ஒரே நிதியத்தின் வழியாகக் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்குப் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டியிருக்கின்றன. தனித்தனியாகப் போயிருந்தால் அவற்றில் பலவற்றுக்குச் சந்தைக் கதவு திறந்திருக்காது.

இவை எதுவும் சொந்த வருவாய் இல்லாமல் நடக்காது. பெரிய வீடுகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் பழைய மதிப்பில் வரி வாங்கிக்கொண்டு, கடன் வரம்பை மட்டும் குறை சொல்வது நேர்மையல்ல. அடுத்த முறை உங்கள் நகராட்சியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் அறிவிக்கப்பட்டால், மொத்த மதிப்பீடு எத்தனை கோடி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வரைபடத்தைக் கேளுங்கள். குழாய் எந்தத் தெருவோடு முடிகிறது என்று பாருங்கள்.