கப்பல் நின்றால் ரயில் கட்டணம்: இந்திய ரயில்வே வாரியத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ரயில்வே வாரியத்தின் தலைவர் அவர்களுக்கு,

உறுதியான ரயில் சீட்டை ரத்துச் செய்பவருக்கு எவ்வளவு பணம் திரும்பும் என்பதை, வண்டி புறப்பட இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. 2015 நவம்பர் 12 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் அந்த நேரத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்தன. 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வகுப்புக்கேற்ற குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் கழிந்தது. படுக்கை வகுப்பில் அது ஆளுக்கு 120 ரூபாய். 48 முதல் 12 மணி நேரம் வரை கட்டணத்தில் கால் பங்கும், 12 முதல் 4 மணி நேரம் வரை அரைப் பங்கும் கழிந்தன. ஆனால் எந்தக் கட்டத்திலும் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே கழிவு இறங்கவில்லை. 4 மணி நேரத்துக்குள் உறுதியான சீட்டுக்கு எதுவும் திரும்பவில்லை.

காத்திருப்போர் பட்டியல் சீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வண்டி புறப்பட 30 நிமிடம் இருக்கும் வரை ஆளுக்கு 60 ரூபாய் எழுத்தர் கட்டணம் மட்டுமே பிடிக்கப்படும். இடம் கிடைக்காதவர் இழப்பது 60 ரூபாய். இடம் கிடைத்தும் போக முடியாதவர் முழுத் தொகையையும் இழக்கக்கூடும்.

மன்னார்த் தீவிலிருந்து வேளாங்கண்ணிக்கும் சென்னைக்கும் போகும் குடும்பங்களுக்கு இந்த மணிக்கணக்கு மிகவும் நெருக்கமானது. காங்கேசன்துறை வரை தரைவழி, அங்கிருந்து நாகப்பட்டினம் வரை கப்பல், பிறகு ரயில் என்பது அவர்களது வழி. காற்றும் மழையும் கடுமையானால் கப்பல் நின்றுவிடும். ரயில் சீட்டோ பல வாரங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கும்.

அந்த 2015 விதிகளின்படி, நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நாகப்பட்டினத்தில் இரவு 9 மணி வண்டி, படுக்கை வகுப்பு, ஆளுக்கு 400 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 1,600 ரூபாய். இரண்டு நாள் முன்பு இரவு 9 மணிக்குள் ரத்துச் செய்தால் 480 கழிந்து 1,120 ரூபாய் திரும்பும். அதன் பிறகு, பயண நாள் காலை 9 மணி வரை கழிவு கால் பங்கு. கால் பங்கு ஆளுக்கு 100 ரூபாய்தான் என்றாலும், குறைந்தபட்சம் 120 என்பதால் அப்போதும் 480 ரூபாயே போகும். காலை 9 மணி தாண்டியதும் கழிவு 800 ஆகிவிடும். மாலை 5 மணிக்குப் பிறகு 1,600 ரூபாயும் போய்விடும்.

கப்பல் வராது என்ற செய்தி அன்று காலை 8 மணிக்குத் துறைமுகத்தில் கிடைத்தால், குடும்பத்துக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். சீட்டு பெரும்பாலும் தமிழ்நாட்டு உறவினர் நிலையக் கவுன்டரில் எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். அதை 139 எண்ணிலோ இணையத்திலோ ரத்துச் செய்யலாம். ஆனால் சரிபார்ப்பு எண், சீட்டெடுத்தபோது கொடுத்த கைபேசிக்கே போகும். பணத்தையும் கவுன்டரில்தான் பெற வேண்டும். அந்த உறவினர் வயலிலோ வேலையிலோ இருந்து அழைப்பை எடுப்பதற்குள் 9 மணி கடந்தால், ஒரு நிமிடத் தாமதத்துக்கு 320 ரூபாய் கூடுதலாகக் கழியும்.

பயணியின் தவறில்லாத இழப்பை ரயில்வே விதிகள் ஏற்கெனவே அறிந்திருக்கின்றன. வண்டி ரத்தானால் முழுத் தொகையும் திரும்பும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமான வண்டியில் பயணி ஏறாவிட்டாலும், உரிய நேரத்தில் விண்ணப்பித்தால் அப்படியே. முதல் வண்டி தாமதமாகி இணைப்பு வண்டி தவறினால், பயணம் செய்யாத பகுதியின் கட்டணம் திரும்பும். 2019 ஏப்ரல் முதல் இரு சீட்டுகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்து இந்தச் சலுகையைப் பெற வழியும் உண்டு. ஆனால் இந்த ஏற்பாடு ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையில் மட்டுமே. இணைப்பில் கப்பல் வந்தால் விதி மௌனமாகிறது.

ஒரு காலத்தில் இந்த மௌனம் இருக்கவில்லை. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் போட் மெயில் ரயிலின் தொடர்ச்சியாகவே நடந்தது. சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே சீட்டில் பயணம் செய்யலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தத் தனுஷ்கோடி வழி அறுந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியபோது கடல்வழி மீண்டது. இரு சீட்டுகளையும் சேர்க்கும் விதி மீளவில்லை.

கோரிக்கை ஒன்றே. கப்பல் வானிலையால் நிறுத்தப்பட்டதற்கான துறைமுக அறிவிப்பையும் அதே நாளின் கப்பல் சீட்டையும் காட்டுபவருக்கு, அந்தக் கப்பல் இணைப்பு வண்டியாகக் கருதப்பட வேண்டும். எவ்வளவு மணி நேரம் மிஞ்சியிருந்தாலும், காத்திருப்போர் பட்டியல் பயணியிடம் பிடிக்கும் அதே 60 ரூபாய் எழுத்தர் கட்டணம் மட்டும் கழிக்கப்பட்டு மீதித் தொகை திரும்ப வேண்டும். விண்ணப்பிக்கும் காலம் வண்டி புறப்படும் நேரத்தோடு முடியாமல், அடுத்த கப்பல் ஓடும் நாள் வரை நீள வேண்டும்.

இப்படிக்கு,
மன்னார்க் கரைப் பயணிகள்