ஓராண்டுச் சந்தா கட்டும் முன் ஒரு மாதக் கணக்கைப் பாருங்கள்

நம் குடியிருப்பில் இருக்கும் அனைவருக்கும் சங்கத்தின் வேண்டுகோள் இது.

இன்டர்நெட் இணைப்பு மாற்றப்போகிறவர்கள், போன மாதம் உங்கள் வீட்டில் எத்தனை ஜிபி ஓடியது என்பதை முதலில் பாருங்கள். கம்பெனியின் ஆப்பில் அது இருக்கும். எந்தத் திட்டம் மலிவு என்பதை விளம்பரத்தின் கொட்டை எழுத்து வேகம் சொல்லாது; இந்த எண்தான் சொல்லும்.

எல்லாத் திட்டத்துக்கும் 'அன்லிமிடெட்' என்றுதான் பெயர். பொடி எழுத்தில் எஃப்யூபி என்று ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் இணைப்பு அறுந்துபோகாது, வேகத்தை மட்டும் இறக்கிவிடுவார்கள். 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று 2016-இல் டிராய் உத்தரவிட்டது. அந்த வேகத்தில் வாட்ஸப் செய்தி போகும், படம் ஓடாது.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிவியில் தினம் நான்கு மணி நேரம் எச்டி படம். மணிக்கு 3 ஜிபி வீதம் 12 ஜிபி. மூன்று செல்போன்களுக்கு 6 ஜிபி. மாதத்துக்கு 540 ஜிபிதான். ஆனால் வாசலில் இரண்டு கேமராக்கள் இரவும் பகலும் இணையத்துக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கேமராவுக்கு 1 எம்பிபிஎஸ் என்றாலும் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 648 ஜிபி. பெரும்பாலான திட்டங்களில் அனுப்புவதும் வரம்பில் சேரும். ஆக மொத்தம் 1,188.

399 ரூபாய்க்கு 60 எம்பிபிஎஸ், 1,000 ஜிபி வரம்பு, பிறகு 2 எம்பிபிஎஸ் என்று ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 26-ஆம் நாள் வரம்பு தீர்ந்துவிடும். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ்ஸாவது வேண்டும் என்பதால் மீதி நாட்களில் டிவி சுற்றிக்கொண்டே நிற்கும். உடனே 799 ரூபாய், 150 எம்பிபிஎஸ் திட்டத்துக்குத் தாவத் தோன்றும். 18 சதவீத ஜிஎஸ்டியோடு அது 943 ரூபாய். 399 திட்டம் 471 ரூபாய். தாவ வேண்டாம். ஆள் நடமாடும்போது மட்டும் பதிவுசெய்யும்படி கேமராவை மாற்றினால், அல்லது அதிலேயே மெமரி கார்டு போட்டால், மலிவுத் திட்டமே தாராளம். அந்த வீட்டில் ஒரே நேரத்தில் எல்லாம் ஓடினாலும் 20 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது அபூர்வம்.

வேகம் குறைந்தால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். லேப்டாப்பை ரூட்டரில் கேபிளால் இணைத்து fast.com-இல் சோதியுங்கள். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். கேபிளிலும் இரவு ஒன்பது மணிக்கு மட்டும் படுத்தால் தெருவில் நெரிசல். பெரிய திட்டம் வாங்கினாலும் அது தீரும் என்று சொல்ல முடியாது. மாதக் கடைசியில், விடியற்காலையிலும்கூட 2 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால்தான் வரம்பு தாண்டியிருக்கிறீர்கள்.

இந்தச் சோதனையை மாதத் தொடக்கத்தில் ஒரு முறையும் கடைசி வாரத்தில் ஒரு முறையும் செய்து, வேகத்தையும் மாத ஜிபியையும் கீழ்த்தள அறிவிப்புப் பலகைத் தாளில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், திட்டம் மட்டும் போதும். இரண்டு மாதங்கள் எழுதிய பிறகு சங்கம் அந்தத் தாளோடு கம்பெனிகளிடம் விலை பேசும். அதுவரை மாதாமாதம் மட்டும் கட்டுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச்சங்கம்